சம்பளத்துக்கு முந்திய பிறை

அரசாங்கக் கலண்டரை நம்பிப் பெருநாளுக்குத் திட்டம் போட்ட ஒரே முஸ்லிம் இந்தக் கரையில் அபுல் ஹஸனாகத்தான் இருப்பான். கல்முனைத் தபால் கந்தோரின் சுவரில் அந்தக் கலண்டர் தொங்கியது. நோன்புப் பெருநாள் வியாழக்கிழமை என்று அதில் சிவப்பு மையில் அச்சடித்திருந்தது. கொழும்பில் யாரோ ஒரு கிளாக்கர் போன வருடமே குத்துமதிப்பாகப் போட்ட தேதி அது. பிறை அந்தக் கிளாக்கரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பது இங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அபுல் ஹஸனுக்கும் தெரியும். ஆனாலும் நம்பினான். நம்பினால்தான் கணக்குச் சரிவந்தது.

கணக்கு இதுதான். அந்த மாதத்தின் கடைசி நாளான சம்பள நாள் வியாழக்கிழமை. அன்று விடுமுறை என்பதால் சம்பளம் முதல்நாள், புதன்கிழமை கையில் வரும். புதன் பின்னேரம் கடைக்கடனைக் கட்டலாம், தையற்காரனிடமிருந்து பிள்ளைகளின் உடுப்பை மீட்கலாம், பெருநாள் தர்மமான பித்ராவுக்கு அரிசி வாங்கலாம். வியாழன் விடியப் பெருநாள். நோன்பு முப்பதும் நிறைந்தால் எல்லாம் சுகமே. இருபத்தொன்பதில் பிறை தெரிந்துவிட்டால் புதன்கிழமையே பெருநாள். ஊரே புத்தாடையோடு பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தில் அவனுடைய சம்பளம் கந்தோர்ப் பெட்டிக்குள் கிடக்கும்.

அவனுடைய ஊரான சாய்ந்தமருதில் அவனை எல்லாரும் கவர்ன்மேந்து உத்தியோகத்தன் என்பார்கள். சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுப்பவனுக்கு அது கொஞ்சம் பெரிய சட்டைதான். ஆனால் சொல்கிற வாயை மூட முடியுமா? கடலுக்குப் போகிறவனுக்கு மீன் பட்டால் அன்றைக்கே காசு. வயற்காரனுக்கு வெட்டு முடிந்தால் காசு. மாதச் சம்பளக்காரனுக்கு மட்டும் ஒரே நாளில் வந்து, பத்து நாளில் போய், மிச்சம் இருபது நாளும் கௌரவம் மட்டும் இருக்கும். கடைசி வாரத்தில் அதுவும் இழுத்துப் பறித்துக்கொண்டு நிற்கும்.

கைமாற்றாக வாங்கவும் வழியில்லை. கந்தோரில் அவனோடு வேலை செய்யும் பாண்டிருப்புக் குணத்திடம் ஏற்கனவே வாங்கியாயிற்று. இன்னும் கேட்டால் குணமும் அதே கலண்டரைத்தான் காட்டுவான். சம்பளக்காரன் எல்லாருக்கும் ஒரே வாரத்தில்தான் வறட்சி. கந்தோரில் முற்பணம் கேட்கலாமென்றால், போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்ததே இன்னும் மாதாமாதம் வெட்டுப்படுகிறது.

வெள்ளிக்கிழமை கூப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனான். அந்த வாரத்துக் கூப்பனுக்கு அந்த வாரமே வாங்காவிட்டால் அது வீணாகிவிடும். அரிசியை வாங்கக் கையில் காசு போதாது. அதனால் இருந்த காசுக்கு முதலில் சீனியை வாங்கி, அதைத் தேத்தண்ணிக் கடைக்காரனிடம் இரண்டு மடங்குக்குக் கொடுத்து, அந்தக் காசைக் கொண்டு திரும்பி வந்து அரிசியை எடுத்தான். ஊரில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். இருந்தாலும் தபால்காரச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனான்.

வீட்டில் அவனுடைய மனைவி ஸுலைஹா எதையும் கேட்கவில்லை. முந்திய மாதங்களில் கேட்டுச் சண்டை பிடித்திருக்கிறாள். இப்போது இருவருக்கும் அது அலுத்துவிட்டது. விளக்குத் திரியை இறக்கினாள். தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொள்ளக் கொடுத்தாள். நோன்பு மாதம் என்பதால் பகலில் அடுப்பு எரியாததை யாரும் விசாரிக்கவில்லை. பின்னேரம் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவார்கள். பணக்காரன் வீட்டுப் பிள்ளையும் வாளி கொண்டுபோய் வாங்கும். அவர்களுடைய மகள் பரீனாவும் போனாள். வழமையாகச் சின்னப் பாத்திரம் கொண்டு போகிறவள் அந்த வாரம் பெரிய வாளி கொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அபுல் ஹஸனுக்குப் பெரிதாக வலித்திருக்காது. எதுவும் வலிக்காத ஒரு மந்தம் அவனுக்குள் இறங்கியிருந்தது. சைக்கிள் மிதித்தான், கடிதம் கொடுத்தான், வந்து படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை முகம்மது தம்பியின் கடைக்குப் போனான். முகம்மது தம்பி நல்ல மனிதர்; இளையவர்களுக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். கடன்காரனைக் கண்டால் முதலில் சுகம் விசாரிப்பார்.

“வாங்க தம்பி. புள்ளைகள் சுகமா? ஊட்டுல சுகமா?”

“அல்ஹம்துலில்லாஹ். பெருநாளைக்குக் கொஞ்சம் சாமான் வேணும் காக்கா.”

“அதுக்கென்ன, தாறன். பழசத் தீருங்க, புதுசத் தாறன். பெருநாளோட நானும் மட்டக்களப்பு முதலாளிமாருக்குக் குடுக்கணும் தம்பி. உங்களுக்குத் தெரியாததா?”

“புதன்கிழம சம்பளம் காக்கா.”

“அப்ப புதன்கிழம வாங்க. கட திறந்துதான் இரிக்கும்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “பிறை இருபத்தொன்பதில கண்டாத்தான் கட பூட்டு.”

தையற்காரன் அப்துல் கபூரும் கிட்டத்தட்ட அதையே சொன்னான். பரீனாவின் சட்டையும் சின்னவன் றஸீனின் காற்சட்டையும் தைத்து முடிந்து, கடையின் கம்பியில் தொங்கின. துணி கடனில் வாங்கியது, தைத்த கூலி நிலுவை. றஸீன் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கடை வாசலில் நின்று தன் காற்சட்டையைப் பார்த்துவிட்டு வந்தான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னான். அவன் குரலில் குறையொன்றும் இல்லை, சந்தோஷம்தான். அதைத்தான் கேட்கச் சகிக்கவில்லை.

கடையும் உடுப்பும் கூடப் போகட்டும். பித்ராதான் பெரிய விஷயம். பெருநாள் தொழுகைக்கு முன்னால் வீட்டில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் இரண்டரைக் கொத்து அரிசி ஏழைக்குக் கொடுத்தாக வேண்டும். அபுல் ஹஸன் வீட்டில் நாலு பேர், பத்துக் கொத்து. யாருக்கு அது கடமை என்பதற்கும் சட்டம் இருக்கிறது. கடைசி நோன்பு திறக்கிற, சூரியன் மறையும் அந்த மஃரிபு நேரத்தில், அன்றிரவுக்கும் மறுநாளுக்கும் போக மிச்சம் எவனிடம் இருக்கிறதோ அவன் கொடுக்க வேண்டியவன். இல்லாதவன் கொடுக்கத் தேவையில்லை. அவன் வாங்குகிறவன். இதை ஒவ்வொரு வருடமும் பள்ளிவாசல் கதீப் தன் குத்பாப் பிரசங்கத்தில் சொல்வார். அபுல் ஹஸன் ஒவ்வொரு வருடமும் கொடுக்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். மருதமுனையிலிருந்து வந்து இந்தத் தெருக்கோடியில் தறி போட்டிருக்கிற நெசவுக்காரர் ஸைனுலாப்தீன் வீட்டுக்கு அந்த அரிசியைத் தானே கொண்டுபோய்க் கொட்டுவான். கொட்டும்போது “பித்ரா, நாலு பேருக்கு” என்று வாயால் சொல்வது வழக்கம். அந்த மூன்று சொல்லைச் சொல்கிற நேரம் அவன் தன் சம்பளத்தை மனதார நேசித்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஸுலைஹா அரிசிப் பானையைச் சாய்த்துக் காட்டினாள்.

“இண்டைக்கி ராவைக்கும் விடிய ஸஹருக்கும் காணும். அதுக்கு மறுகா ஒண்டுமில்ல.”

“நாளைக்குச் சம்பளம்தானே.”

“பிறை கண்டா?”

“கலண்டர்ல வியாழக்கிழமதான் போட்டிரிக்கி.”

அவள் அவனைப் பார்த்தாள். சிரிக்கக்கூட இல்லை. “பிறை கண்டா நம்மட ஊட்டுக்குப் பித்ரா வரும். இந்தத் தெருவுல ஆர் ஊட்டுல அடுப்பு எரியல்லெண்டு பள்ளிவாசல் மரைக்கார்மாருக்குத் தெரியாமலா இரிக்கி? வந்தா நான் என்ன சொல்ற?”

“வராது.”

“வந்தா வாங்கித்தான் வைக்கணும். புள்ளைகளுக்குச் சோறு ஆக்கணுமே,” என்று சொல்லிவிட்டுப் பானையை மூடினாள்.

அன்றைக்கென்று பார்த்து மேற்கே வயல் வாடிக் குடிசையொன்றுக்குக் கொடுக்க ஒரு காசுக்கட்டளை இருந்தது. மகன் இங்கினியாகலையில் கல்லோயா அணைக்கட்டு வேலைக்குப் போய், தகப்பனுக்கு அனுப்பிய காசு. அடுத்தவனுடைய காசைத் தூக்கிக்கொண்டு வரம்பு வழியே போய், எண்ணிக் கொடுத்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாய்க்கால் கட்டில் சைக்கிளை நிறுத்தினான். தூரத்தில் பாங்கு கேட்டது. சட்டைப்பைக்குள் இருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து நோன்பைத் திறந்தான். வாய்க்கால் தண்ணீரில் வாய் கொப்பளித்தான். அந்தக் கட்டின் மேலேயே மஃரிபைத் தொழுதான். வானம் முழுக்க மேகம். நல்லது என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காக அவனுக்கு வெட்கம்கூட வரவில்லை.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்து மேற்கே பார்த்தான். பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் அங்கே போனது, அவ்வளவுதான். வயலுக்கு மேலே மேகம் ஓரிடத்தில் விலகியிருந்தது. அந்த இடைவெளிக்குள், வெட்டிப்போட்ட நகத்துண்டைப் போல, பிறை நின்றது.

சந்தேகத்துக்கு இடமேயில்லை. அவன் கண்ணைக் கசக்கவில்லை. கண்டால் ஓதுகிற துஆ நாக்கு நுனிக்கு வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டான். மேகம் மூடியது. மறுபடி திறக்கும் என்று கொஞ்ச நேரம் நின்றான். திறக்கவில்லை. சைக்கிளை எடுத்தான்.

பள்ளிவாசலில் சனம் நிறைந்திருந்தது. பாங்கு சொல்லும் மோதினார் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தார். மேற்கே ஒரே கறுப்பு. யாரோ ரேடியோ வைத்திருக்கிற வீட்டுக்குப் போய் வந்து, கொழும்பிலும் மழையாம், பிறை காணவில்லையாம் என்று சொன்னார்கள். பெருநாளை அறிவிக்கும் நகரா முரசை அடிப்பதற்கு ஒருவன் தடியோடு தயாராக நின்றான். அபுல் ஹஸன் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

அப்போது ஸைனுலாப்தீன் உள்ளே வந்தார். சாரனில் சாயக்கறை. சாயம் போட்ட நூலை வாய்க்காலில் அலசிவிட்டு நேரே வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

“நான் பிறை கண்ட” என்றார்.

கதீப் அவரை முன்னுக்குக் கூப்பிட்டார். எங்கே, எந்தப் பக்கம், கொம்பு எந்தப் பக்கம் பார்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸைனுலாப்தீன் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். அபுல் ஹஸன் கண்டதும் அதேதான். அதே இடைவெளி, அதே சாய்வு.

“உங்களோட வேற ஆர் கண்ட?”

“நான் தனியத்தான் நிண்ட.”

கதீப் தாடியைத் தடவினார். “நோன்பு புடிக்க ஒரு சாட்சி போதும். நோன்ப விடுறதுக்கு ரெண்டு சாட்சி வேணும். அதுதான் சட்டம்.” பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். “வேற ஆராவது கண்ட நீங்களா? கண்டிருந்தா சொல்லுங்க. மறைக்கிறது பாவம்.”

ஒரு ‘ஓம்’ போதும். அபுல் ஹஸனுக்கு அது தெரிந்தது. அந்த ‘ஓம்’ வாயிலிருந்து விழுந்தால் உடனே நகரா முழங்கும், முகம்மது தம்பியின் கடை பூட்டப்படும், றஸீனின் காற்சட்டை கம்பியிலேயே தொங்கும், விடியற்காலையில் யாராவது ஒருவர் அவன் வீட்டு வாசலில் சுளகில் கொட்டி “பித்ரா” என்று சொல்வார். ஸுலைஹா வாங்கி வைப்பாள். இத்தனையும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஆனாலும் வேறு யாருடைய வீட்டிலோ நடக்கிற காரியத்தைப் பார்ப்பது போல நின்றான். வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

பின்னுக்கிருந்த ஒருவன், “ஸைனுலாப்தீன் காக்காட கண்ணுக்குள்ள நூல் விழுந்திரிக்கும்” என்றான். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். “முப்பதாவது நோன்பு அவருக்குப் பாரமாப் போயிட்டு” என்றான் இன்னொருவன். அதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள்.

உண்மையில் ஸைனுலாப்தீனுக்குப் பெருநாள் ஒரு நாள் பிந்தினால்தான் லாபம். பெருநாளுக்கு முந்தி ஒருநாள் கூடக் கிடைத்தால் இன்னும் நாலு சாரன் விற்பார். தன் வியாபாரத்துக்கு எதிராகத்தான் அந்த மனிதர் சாட்சி சொன்னார். சிரித்த யாருக்கும் அந்தக் கணக்கு ஓடவில்லை. கணக்கு மாதம் பூராவும் ஓடுகிற அபுல் ஹஸனுக்கு ஓடியது.

“நாளைக்கும் நோன்பு,” என்று கதீப் முடித்தார். “ஸைனுலாப்தீன், நீங்க கண்டது உங்களுக்கு உண்மையெண்டா நீங்க நாளைக்கு நோன்பு புடிக்கேலாது. பெருநாளண்டு நோன்பு ஹறாம். ஆனா வெளிய காட்டிக்கொள்ளாம இரிங்க.”

“சரி” என்றார் அவர். தலையைக் குனிந்துகொண்டு, சிரித்தவர்களுக்கு நடுவால் நடந்து வெளியே போனார்.

அந்தச் சட்டம் தனக்கும்தான் என்பது அபுல் ஹஸனுக்கு வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது.

ஸஹருக்கு ஸுலைஹா எழுப்பினாள். மிச்ச அரிசியைச் சோறாக்கியிருந்தாள். சாப்பிட்டான். அவள் நோன்பு பிடிக்கும் நிய்யத்துச் சொன்னபோது அவன் உதட்டை மட்டும் அசைத்தான். கந்தோருக்குப் போய், பின்னால் கிணற்றடியில், யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு வாளி அள்ளி, கையைக் கூட்டிக் குடித்தான். குணம் வெற்றிலை துப்ப வந்தவன் கண்டுவிட்டான்.

“என்ன ஹஸன், நோன்பு இல்லையோ?”

“வயித்துக்குச் சரியில்ல.”

“அப்ப மருந்து எடுக்கலாமே.”

“சம்பளம் வரட்டும்” என்றான். குணம் சிரித்தான். சம்பள நாளில் எந்தப் பகிடிக்கும் சிரிப்பு வரும்.

பதினொரு மணியளவில் கூப்பிட்டார்கள். முத்திரையின் மேல் கையெழுத்து வைத்தான். நோட்டுகளை எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது. வழமையாக அந்த நேரம் உள்ளங்கையில் ஒரு சூடு வரும். பத்துப் பன்னிரண்டு வருட உத்தியோகத்தில் அது ஒருநாளும் தவறியதில்லை. இன்றைக்கு வரவில்லை. குணத்தின் கைமாற்றை அங்கேயே கொடுத்தான்.

பின்னேரம் கல்முனைக் கடைத்தெரு பிதுங்கியது. ஒரு நாள் கூடக் கிடைத்த சந்தோஷத்தில் வியாபாரிகள் தொண்டை கிழியக் கூவினார்கள். முகம்மது தம்பி பழைய கணக்கை வெட்டினார். வெட்டிவிட்டு, தன் கையாலேயே ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் சும்மா கட்டிக் கொடுத்தார். “உங்கட ராசிதான் தம்பி. நேத்துக் கண்டிருந்தா நீங்களும் கஷ்டப்பட்டிருப்பீங்க, நானும் கஷ்டப்பட்டிருப்பன்” என்றார். அப்துல் கபூர் உடுப்பை இறக்கி, தாளில் சுற்றித் தந்தான். பத்துக் கொத்து அரிசி சாக்கில் ஏறியது. இறைச்சிக்குச் சொல்லியாயிற்று. எல்லாம் முடிந்து கையில் மிஞ்சியதைப் பார்த்தால், அடுத்த மாதத்தின் கடைசி வாரம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நோன்பு திறந்த பிறகு றஸீன் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று நின்றான். ஸுலைஹா மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். இதற்குத்தானே என்று அபுல் ஹஸன் நினைத்தான். இதற்குத்தான். நினைப்புச் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குள் போய்ச் சேரவில்லை, வாசலிலேயே நின்றது.

“இஞ்ச பாருங்க,” என்றாள் ஸுலைஹா, இறைச்சிக்கு மல்லி வறுத்துக்கொண்டே. “அந்த நெசவுக்காரக் காக்கா ஊட்டுல இண்டைக்குப் பகல் அடுப்பு எரிஞ்சதாம். அவர் தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தத, தெருப் பொடியனுகள் வேலிக்கால கண்டிருக்கானுகள். ‘நோன்பு கள்ளன்’ எண்டு கத்தி, தறிக் கொட்டிலுக்குக் கல்லெறிஞ்சிட்டானுகளாம்.”

“கல்லா?”

“ஓம். பெரிய மனிசன், பாவம். சும்மா இருந்திருக்கலாம். கண்டனெண்டு சொல்லப் போய்த்தானே.”

“அவர் பொய் சொல்றவர் இல்ல” என்றான்.

“அது எனக்கும் தெரியும். ஆனா ஒராள் சொன்னா ஆர் நம்புற?” அவள் தாச்சியை இறக்கினாள். “நாளைக்குப் பித்ராவ அவருக்கே குடுங்க. எப்பயும் குடுக்கிறதுதானே.”

வியாழக்கிழமை விடிந்தது. பள்ளிவாசலில் தக்பீர் முழங்கத் தொடங்கியிருந்தது. அபுல் ஹஸன் குளித்து, புதுச் சாரன் உடுத்து, சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனான். தறிக் கொட்டிலின் கிடுகு ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. முற்றத்தில் ஸைனுலாப்தீன் பழைய சாரனோடு இருந்து, நூற்கண்டில் விழுந்த மண்ணை ஒவ்வொரு இழையாகத் தட்டிக்கொண்டிருந்தார். நேற்று நடந்ததற்கு முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

“வாங்க தம்பி. பெருநாளா வந்திரிக்கீங்க, இரிங்க.”

“இருக்க நேரமில்ல காக்கா. தொழுகைக்குப் போகணும்.”

அவர் எழுந்து சுளகை எடுத்துக்கொண்டு வந்தார். வருடா வருடம் நடக்கிற காரியம். இரண்டு கையாலும் சுளகை ஏந்தி, அந்த மூன்று சொல்லுக்காகக் காத்து நின்றார். அபுல் ஹஸன் சாக்கின் வாயை அவிழ்த்தான். சரித்தான். முதல் மணிகள் விழுந்தன. வாயைத் திறந்தான்.

சொல் வரவில்லை. சாக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான்.

“பித்ராதானே தம்பி?” என்று ஸைனுலாப்தீன் எடுத்துக் கொடுத்தார். “எத்தின பேருக்கு, நாலா?”

“இல்ல காக்கா. ஸதக்கா.”

“ஸதக்காவா? விரும்பிக் குடுக்கிற தர்மம், நல்லம்தான். ஆனா பித்ராவ முதல்ல குடுக்கணுமே. தொழுகைக்கு முந்தி.”

“எனக்குப் பித்ரா கடமையில்ல.”

அவர் சிரித்தார். “சம்பளம் எடுத்தவனுக்குக் கடமையில்லாட்டி ஆருக்குத் தம்பி கடமை?”

“சம்பளம் நேத்துத்தான் வந்திச்சு,” என்றான் அபுல் ஹஸன். தன் குரல் தனக்கே எங்கேயோ தூரத்தில் கேட்டது. “பெருநாள் பிறந்த மஃரிபுக்கு எங்கட ஊட்டுல ஸஹருக்குக் காணுற அரிசிதான் இருந்திச்சு. நாங்க வாங்க வேண்டிய ஆக்கள்.”

“நேத்து மஃரிபுக்கா? சம்பளம் வந்த பிறகா?”

“நேத்தில்ல. நீங்க பிறை கண்ட அண்டைக்கு.”

சுளகு அசையவில்லை. ஸைனுலாப்தீன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பார்வை பிய்ந்த கிடுகுக்குப் போய், நூலுக்குப் போய், திரும்பி அவனிடம் வந்தது.

“நீங்களும் கண்டீங்களா?”

“ஓம்.”

இரண்டு நாளாகத் தொண்டைக்குள் கிடந்த சொல். இப்போது யாருக்கும் பிரயோசனமில்லாமல் வெளியே வந்தது. ஒரு வாரமாக மரத்துக் கிடந்தது இந்த முற்றத்திலா விட வேண்டும்? அவனுக்கு அழுகை வந்தது. பெருநாளும் அதுவுமாக, புதுச் சாரனோடு, அரிசிச் சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவர் ஏசுவார் என்று பார்த்தான். ஏசவில்லை. சுளகை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

“கொட்டுங்க. ஸதக்கா எண்டாலும் அரிசிதானே.”

கொட்டினான். அவர் சுளகை உள்ளே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மறுபடி வந்து ஏந்தினார். நாலு தடவை வந்தார். ஒரு மணி கீழே சிந்தவில்லை. சாக்கு வெறுமையானது. பள்ளியில் தக்பீர் உரத்துக் கேட்டது.

“போங்க தம்பி, தொழுகை பிந்திப் போகும்.”

“நீங்க வரல்லையா காக்கா?”

“நான் நேத்தே தொழுதிட்டன். ஊட்டுக்குள்ள, கதவச் சாத்திக்கிட்டு, தனிய.” அவர் நூற்கண்டுக்குப் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தார். “உங்களுக்கும் நேத்துத்தானே பெருநாள். வந்திருந்தா ரெண்டு பேராத் தொழுதிருக்கலாம்.”

அபுல் ஹஸன் வெறும் சாக்கை மடித்துச் சைக்கிளில் வைத்தான்.